அண்ணனின் கடைசி வேலை நாளும் இறந்த நாளும்

என் அண்ணன் பல்லடம் வட்டாரத்தில் ஒரு நூற்பாலையில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்த்து வந்தார். 2024 ஜனவரி 2 ஆம் தேதி இரவு வேலை முடித்து வந்தவருக்கு மறுநாள் காலையில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. இருபத்தேழு நாள் மருத்துவமனையில் நினைவில்லாமலே இருந்து, ஜனவரி 29 அன்று இறந்துபோனார். வீட்டில் அறுபத்தேழு வயதான எங்கள் அம்மாவும், அண்ணியும், ஒன்பது வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள். அலுவலகங்களுக்கு அலையக்கூடியவனாக நான் ஒருவன்தான் இருந்தேன்.

காரியம் முடிந்த வாரத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். வேலையிடத்தில் விபத்து நடந்து இறந்திருந்தால் பணம் வரும், நோயில் இறந்ததற்கு எதுவும் வராது என்றார்கள். நானும் அதை நம்பினேன். அண்ணனோடு வேலை பார்த்த ஒரு மூத்த தொழிலாளிதான் அது பாதி உண்மை என்று விளக்கினார். பணியில் ஏற்பட்ட காயத்தால் இறந்தால் மட்டுமே கிடைப்பது, தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ., இறந்தவரின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் வழங்கும் சார்ந்தோர் உதவித்தொகை. ஆனால் ஈமச் சடங்குச் செலவுக்காக இ.எஸ்.ஐ. கொடுக்கும் தொகைக்கும், வைப்பு நிதியோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. என்னும் ஆயுள் காப்பீட்டுக்கும் இறப்பின் காரணம் ஒரு பொருட்டல்ல. முதலாவதற்கு அவர் காப்பீடு பெற்ற தொழிலாளியாக இருந்தால் போதும்; இரண்டாவதற்கு அவர் பணியில் இருக்கும்போதே இறந்திருக்க வேண்டும். இந்தப் "பணியில் இருக்கும்போதே" என்ற சொற்கள்தான் பிறகு எங்களை இரண்டு மாதம் அலைக்கழித்தன.

ஈமச் செலவுத் தொகையில் பெரிய சிக்கல் இருக்கவில்லை, ஒரு சிறு வியப்பு மட்டும் இருந்தது. செலவு செய்தவன் நான், ரசீதுகள் என் பெயரில் இருந்தன, ஆகவே விண்ணப்பமும் என் பெயரில் போகும் என்று நினைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்கள் அம்மாதான் தம்பி கையெழுத்துப் போட வேண்டும்" என்றார். அப்போது நடைமுறையில் இருந்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தத் தொகை இறந்தவரின் குடும்பத்தில் உயிருடன் இருப்பவர்களில் மூத்தவருக்கே உரியது. இறந்தவருக்குக் குடும்பமே இல்லாமலோ, அவர் குடும்பத்தோடு சேர்ந்து வாழாமலோ இருந்தால்தான் செலவு செய்தவர் கேட்க முடியும். குடும்பம் என்பதில் அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் அடக்கம் என்பதால் உரிமை அண்ணிக்குப் போகாமல் அம்மாவுக்குப் போனது.

அதற்கான படிவம் 22 என்பது ஒரே தாள்தான். அதில் அம்மா கைநாட்டு வைத்தார். ஊராட்சி மன்றத் தலைவரிடம் சான்றொப்பம் வாங்கி, இறப்புச் சான்றிதழ், அண்ணனின் இ.எஸ்.ஐ. அட்டை, அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு பிப்ரவரி 20 அன்று கொடுத்தோம். உண்மையான செலவு எவ்வளவோ அவ்வளவு தருவார்கள், ஆனால் 15,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. எங்களுக்கு அதைவிடக் கூடவே ஆகியிருந்ததால் முழுத் தொகையும் மார்ச் மாதத்தில் அம்மாவின் கணக்கில் வந்து சேர்ந்தது. இறந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும் என்பது ஒன்றே கவனிக்க வேண்டிய கெடு. அது கடந்துவிட்டால் காலநீட்டிப்புக்குத் தனியே மனுச் செய்ய வேண்டும். அம்மாவின் கணக்கு பல ஆண்டுகளாக இயங்காமல் முடங்கிக் கிடந்ததால் அதை உயிர்ப்பிக்க ஒரு வாரம் போயிற்று. அந்த வேலையை முதலிலேயே முடித்திருக்கலாம்.

பெரிய தொகை வைப்பு நிதி அலுவலகத்திலிருந்து வர வேண்டியது. இ.டி.எல்.ஐ. என்பது 1976 முதல் நடைமுறையில் உள்ள திட்டம்; அதற்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து எதுவும் பிடிப்பதில்லை, நிர்வாகம் மட்டுமே அரை விழுக்காடு செலுத்துகிறது. சம்பளச் சீட்டில் அதற்கென்று ஒரு பிடித்தமும் தெரியாத காரணத்தால்தான் பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறது என்று நினைக்கிறேன். தொகையைக் கணக்கிடும் முறை எளிது. இறந்த மாதத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களின் சராசரிச் சம்பளத்தை, அது எவ்வளவாக இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொள்ளாமல், முப்பத்தைந்தால் பெருக்க வேண்டும். அதோடு அதே பன்னிரண்டு மாதங்களில் வைப்பு நிதிக் கணக்கில் இருந்த சராசரி இருப்பில் பாதியை, 1,75,000 ரூபாய்க்கு மிகாமல், கூட்ட வேண்டும். மொத்தம் 7 லட்சத்தைத் தாண்டாது.

அண்ணனின் மொத்தச் சம்பளம் 18,600 ரூபாய் என்றாலும், வைப்பு நிதிக்குக் கணக்கில் எடுத்துக்கொண்ட அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 தான். அதை முப்பத்தைந்தால் பெருக்கினால் 4,20,000. சராசரி இருப்பு 1,64,000. அதில் பாதி 82,000. ஆக 5,02,000 ரூபாய். அண்ணன் உயிரோடு இருந்தபோதே இணையவழியில் அண்ணியை நியமனதாரராகப் பதிந்திருந்தார், ஆகவே வாரிசுச் சான்றிதழ் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. வைப்பு நிதி இருப்பு, குடும்ப ஓய்வூதியம், இந்தக் காப்பீடு மூன்றையும் இறப்பு நேர்வுகளுக்கான ஒரே கூட்டுப் படிவத்தில் கேட்கலாம். ஆலை அலுவலகத்தில் அதற்குச் சான்றொப்பம் வாங்கி மார்ச் 4 அன்று கொடுத்தோம்.

மூன்று வாரம் கழித்து வைப்பு நிதி இருப்பு மட்டும் அண்ணியின் கணக்கில் வந்தது. காப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. உறுப்பினர் ஜனவரி 2 ஆம் தேதியே பணியிலிருந்து விலகிவிட்டார், இறந்தது ஜனவரி 29, எனவே பணியில் இருக்கும்போது இறந்தவர் ஆகமாட்டார் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் விலகவில்லை, யாரும் நீக்கவும் இல்லை. அண்ணனின் கைப்பேசி எண்ணை நாங்கள் உயிரோடு வைத்திருந்ததால் ஒருமுறைக் கடவுச்சொல் வந்தது. வைப்பு நிதியின் உறுப்பினர் இணையதளத்தில் View என்பதன் கீழ் Service History பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெளியேறிய தேதி என்ற இடத்தில் 02-01-2024 என்று இருந்தது. காரணம் பணி நின்றது என்று பொருள்படும் "Cessation" என்று இருந்தது, பணியில் இறப்பு என்னும் "Death in Service" என்று இருக்கவில்லை. ஆலையில் கணக்கு பார்க்கும் இளைஞர் பிப்ரவரியில் ஜனவரி மாதப் பட்டியலை ஏற்றும்போது, அண்ணன் கடைசியாக வேலைக்கு வந்த நாள் எதுவோ அதையே வெளியேறிய நாளாகப் பதிந்திருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் அதற்குப் பிறகு வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் வருகை நின்ற நாளும் பணி முடிந்த நாளும் ஒன்றல்ல, அந்த இருபத்தேழு நாளின் விலை ஐந்து லட்சம்.

அந்த மூத்த தொழிலாளிதான் இங்கேயும் வழி காட்டினார். "உன் அண்ணன் ஜனவரியில் யாரிடம் சம்பளம் வாங்கினார்?" என்று கேட்டார். வாங்கவில்லை என்றேன். "இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை கேட்டீர்களா?" என்றார். கேட்டிருந்தோம். மருத்துவச் சான்று பெற்ற நோய்க் காலத்துக்கு, முதல் இரண்டு நாள் நீங்கலாக, சராசரித் தினக்கூலியில் எழுபது விழுக்காட்டை இ.எஸ்.ஐ. தருகிறது; இறந்தவருக்கு இறந்த நாள் வரைக்கும், அந்த நாளையும் சேர்த்து, அது சேர வேண்டியது. அந்தத் தொகையை வழங்கிய ஆவணமும் மருத்துவச் சான்றுகளும் எங்கள் கையில் இருந்தன. அவற்றின் மதிப்பு அதுவரை எனக்குத் தெரியவில்லை. அப்போதிருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73 ஆம் பிரிவு, ஒரு தொழிலாளி நோய்க்கால உதவித்தொகை பெற்று வரும்போதோ, முறையான சான்றோடு நோயால் வராமல் இருக்கும்போதோ அவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று தடுத்தது. ஜனவரி 3 முதல் 29 வரை அவர் அந்தப் பாதுகாப்புக்குள்தான் இருந்தார். ஆகவே ஜனவரி 2 இல் பணி முடிந்தது என்ற பதிவு சட்டப்படியே நிற்காது.

இதை வைத்துக்கொண்டு வைப்பு நிதி அலுவலகத்தில் மேல்முறையீடு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அது வீண் என்று அங்கிருந்த கண்காணிப்பாளர் பொறுமையாகவே சொன்னார். நிர்வாகம் பதிந்த தேதியை அவர்கள் தாமாக மாற்ற முடியாது, நிர்வாகமே தவறென்று எழுதித் தர வேண்டும். அதற்கென்று கூட்டு உறுதிமொழி என்ற நடைமுறை உண்டு. உறுப்பினர் இறந்துவிட்டால் அவர் இடத்தில் நியமனதாரர் கையெழுத்திடுவார். திருத்த வேண்டியது இரண்டு புலங்கள் என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார்: வெளியேறிய தேதி, வெளியேறிய காரணம். தேதியை மட்டும் 29 என்று மாற்றிக் காரணத்தை அப்படியே விட்டிருந்தால் மறுபடியும் திரும்பி வந்திருக்கும்.

ஆலை மேலாளர் தயங்கினார். தேதியை மாற்றினால் நிர்வாகத்துக்கு ஏதாவது செலவு வருமோ என்ற பயம் அவருக்கு. காப்பீட்டுத் தொகையைத் தருவது வைப்பு நிதி நிறுவனம், ஆலை அல்ல என்பதையும், நோய்க் காலத்தில் நீக்கியதாகப் பதிவு இருப்பதுதான் ஆலைக்குத் தொந்தரவு என்பதையும் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். வருகைப் பதிவேட்டின் ஜனவரி மாதப் பக்கத்தின் நகல், இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்றுகள், உதவித்தொகை வழங்கிய விவரம், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் இணைத்து, நிர்வாகமும் அண்ணியும் கையெழுத்திட்ட உறுதிமொழி ஏப்ரல் முதல் வாரத்தில் போயிற்று. ஏப்ரல் 18 அன்று அதே பக்கத்தைத் திறந்தபோது தேதியும் காரணமும் மாறியிருந்தன. அதைக் கண்ணால் பார்த்த பிறகே 22 அன்று காப்பீட்டுக்கான படிவத்தை மீண்டும் கொடுத்தோம்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு 2025 பிப்ரவரி 28 அன்று இந்தத் திட்டத்தில் சில தளர்வுகளுக்கு ஒப்புதல் தந்தது. கடைசிச் சந்தா வந்து ஆறு மாதத்துக்குள் இறந்தவருக்கும் காப்பீடு உண்டு என்பது அவற்றில் ஒன்று. இதைக் கேட்டு, இனி எங்களைப் போல் யாருக்கும் நேராது என்று ஒருவர் சொன்னார். அந்தத் தளர்வுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: உறுப்பினரின் பெயர் ஆலையின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கக் கூடாது. வெளியேறிய தேதி தவறாக ஏறியிருந்தால் இன்றும் அதே சிக்கல்தான். ஆகவே படிவம் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்ப்பது, நிராகரிப்புக் கடிதத்தைப் பார்த்த பிறகு பார்ப்பதைவிட நல்லது.

கோரிக்கையை இருபது நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. எங்களுக்குப் பதினெட்டாவது நாள், மே 10 அன்று, 5,02,000 ரூபாய் அண்ணியின் கணக்கில் வந்தது. குடும்ப ஓய்வூதிய ஆணை அதற்கடுத்த மாதம் வந்தது. அதில் அண்ணிக்கு ஒரு தொகையும், அதில் கால் பங்கு குழந்தைக்குத் தனியாகவும் குறிக்கப்பட்டிருந்தன. அம்மாவின் 15,000 ரூபாய் என் ரசீதுகளுக்குத்தான் என்று அவர் கொடுக்க வந்தார். அதை அந்தக் கணக்கிலேயே விட்டுவைக்கச் சொன்னேன், மறுபடியும் முடங்கிவிடாமல் இருக்கட்டும் என்று.