அப்பாவின் பேதியும் கட்டிலில் தொங்கிய சானிடைசர் பாட்டிலும்

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. மேலூர்ப் பக்கம் வயலில் கால் கிழித்துச் சீழ் வைத்துவிட்டது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி, கிளிண்டமைசின் என்று இரண்டு ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். புண் நன்றாகவே ஆறியது, வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பேதி ஆரம்பித்தது.

முதலில் எல்லாரும் சாப்பாட்டைத்தான் குறை சொன்னோம். ஆனால் தண்ணீராக, ஒருவித அழுகல் நாற்றத்தோடு, ராத்திரியிலும் எழுப்பிப் போனது. அடிவயிற்றில் முறுக்கு, லேசான காய்ச்சல். பக்கத்து மருந்துக்கடையில் பேதியை நிறுத்துகிற லோபரமைடு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்கள். நான் அதைப் பிரிக்கவிடவில்லை. மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறவள் என்பதால் எனக்கு வேறு சந்தேகம். ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போதோ, முடித்து மூன்று மாதத்துக்குள்ளோ, ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியை நினைக்க வேண்டும். லேபில் சுருக்கமாக 'சி டிஃப்' என்போம். அது விடுகிற நஞ்சுதான் பெருங்குடலைப் புண்ணாக்குகிறது. அந்த நேரத்தில் குடலின் ஓட்டத்தைக் கட்டிப்போட்டால் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும்.

திரும்பவும் அதே மருத்துவமனை. தண்ணீர் மலத்தைத்தான் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், கட்டியான மலத்தில் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. நோயே இல்லாமல் கிருமியைச் சுமக்கிறவர்களும் உண்டு. கிருமி இருப்பதைக் காட்டும் ஜிடிஎச், அதன் நஞ்சைக் காட்டும் டாக்ஸின் இரண்டுமே பாசிட்டிவ் என்று வந்தது. ரத்தத்தில் வெள்ளையணுவும், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினினும் பார்த்தார்கள். வெள்ளையணு 15,000-ஐத் தொட்டாலோ கிரியாட்டினின் 1.5-ஐத் தாண்டினாலோ நோய் தீவிரம் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

மருந்து வான்கோமைசின். 125 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 10 நாள், வாய் வழியாக. மாத்திரை கிடைக்கவில்லை, 500 மில்லிகிராம் ஊசிக் குப்பியைத்தான் வாங்கிவரச் சொன்னார்கள். தம்பி பதறிவிட்டான். "என்னக்கா, ஊசி மருந்தப் போயி குடிக்கச் சொல்றாங்க?" சரியான கேள்விதான். நரம்பில் ஏற்றினால் இந்த மருந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேராது. குடித்தால் ரத்தத்தில் அதிகம் ஏறாமல் குடலிலேயே நிற்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். சிஸ்டர் குப்பியில் 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர் விட்டுக் கரைத்து, அதில் இரண்டரை மில்லி எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் கலந்து கொடுத்தார். மிச்சம் ஃபிரிட்ஜில். கசப்பு தாங்காமல் அப்பா முகத்தைச் சுளிப்பார், "இத முழுங்குறதுக்கு வேப்பங்கொழுந்தே தேவலாம் தாயி" என்பார்.

மருந்து இப்படி ஒழுங்காக நடந்தது. என்னைத் தூங்கவிடாதது வார்டு.

கட்டிலின் கால்மாட்டில் சானிடைசர் பாட்டில் தொங்கும். டயப்பர் மாற்றியதும் அதை இரண்டு அழுத்து அழுத்தி, கையைத் தேய்த்துக்கொண்டு, அதே கையோடு பிபி பட்டையைச் சுருட்டி அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். மற்ற பல கிருமிகளுக்கு அந்த ஆல்கஹால் அருமையான காவல், அதில் சந்தேகமே வேண்டாம். இந்தக் கிருமி மட்டும் குடலுக்குள்ளேயே கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கி, ஸ்போராகி மலத்தோடு வெளியே வருகிறது. ஆல்கஹால் அந்த ஓட்டைத் தாண்டுவதில்லை. லேபில் சி டிஃப்பைத் தனியே பிரித்தெடுக்க நாங்களே மலத்தோடு சம அளவு ஆல்கஹால் கலந்து வைப்போம். ஒரு மணி நேரத்தில் மற்றவை பெரும்பாலும் செத்துப்போகும், சி டிஃப் ஸ்போர் மட்டும் பிழைத்திருக்கும். அதை எடுத்துத் தட்டில் வளர்ப்போம். லேபில் எந்த ஆல்கஹாலால் அதைக் காப்பாற்றி எடுக்கிறோமோ, அதே ஆல்கஹாலை நம்பி வார்டில் கை துடைக்கிறோம்.

சோப்பும் ஸ்போரைக் கொல்லாது. ஆனால் தேய்த்துத் தேய்த்து ஓடும் தண்ணீரில் கழுவும்போது அது கையை விட்டு இறங்கிச் சாக்கடைக்குப் போய்விடும். அதிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், முதலில் கையுறை, கழற்றியதும் சோப்புக் கழுவல் என்று இரண்டும் வேண்டும். நகக்கண், கட்டைவிரல், மோதிரத்துக்கு அடி, இங்கேதான் தங்கும்.

தொற்றுத் தடுப்பு சிஸ்டரைத் தேடிப் போய் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம்கூட தாமதிக்கவில்லை. கழிவறையோடு தனி அறை, அப்பாவுக்கென்றே ஒரு பிபி பட்டை, ஒரு தெர்மாமீட்டர், கதவில் 'சோப்புப் போட்டுக் கை கழுவவும்' என்று ஒரு அட்டை. எல்லாம் அன்றைக்கே நடந்தது.

தரை துடைக்க வந்த அக்கா பினாயில் வாளியோடு வந்தார். பினாயிலுக்கும் ஸ்போர் மசியாது, காய்ந்த பரப்பில் மாதக்கணக்கில் கிடக்கும். வேண்டியது ஹைப்போ என்கிற குளோரின் கரைசல். 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்துவிட வேண்டும், மலம் ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். பிறகு ஹைப்போ பூசி, பத்து நிமிஷம் ஈரமாகவே விட வேண்டும். பூசின கையோடு துடைத்தால் பயனில்லை. அந்த அக்கா பொறுமையாகச் செய்தார். கட்டில் கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினேன், உருண்டு படுக்கும்போது அப்பா அங்கேதான் பிடிப்பார். அழைப்பு மணி, ஸ்விட்ச், குழாய்த் திருகு, ஃபிளஷ் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகத் துடைத்தார். "இந்த மாப்பு அடுத்த ரூமுக்குப் போகாதும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று அவரே சொன்னார்.

பேதி மெல்ல மெல்லக் குறைந்தது. குறைவது நல்லதுதான், ஆனால் திடீரென்று நின்று வயிறு உப்பினால் அது ஆபத்து. குடல் அசைவற்றுப்போனதாக இருக்கலாம், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தம்பியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்பாவுக்குத் தனிக் கழிவறை. துணியைத் தனியாக வெந்நீரில் துவைத்தோம். ஹைப்போவையும் டாய்லெட் ஆசிடையும் ஒன்றாக ஊற்றக் கூடாது, விஷ வாயு கிளம்பும் என்று மதினிக்குச் சொன்னேன். நலம் விசாரிக்க வந்தவர்களைக் கிளம்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னோம். சிலருக்கு முகம் சுண்டிவிட்டது, ஆனாலும் கழுவினார்கள்.

குணமானதா என்று திரும்ப மலப் பரிசோதனைக்கு அனுப்பத் தம்பி கேட்டான். அதற்கு அவசியமில்லை. பேதி நின்ற பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம். கவனிக்க வேண்டியது பேதியைத்தான். ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வரும், பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள். ஆன்டிபயாட்டிக் அழித்த நல்ல கிருமிகள் குடலில் திரும்பக் குடியேறும்வரை, மிச்சமிருக்கும் ஸ்போர் முளைக்க இடம் இருக்கிறது. அப்பாவுக்குத் திரும்பவில்லை.

அவருடைய ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: 'கிளிண்டமைசின், செஃப்ட்ரியாக்ஸோனுக்குப் பிறகு சி டிஃப் வந்தவர்.' போன மாதம் பல் பிடுங்கப் போனபோது டாக்டர் அதைப் படித்துவிட்டு, எழுத இருந்த கிளிண்டமைசினை விட்டுவிட்டு, வலி மாத்திரை மட்டும் கொடுத்தனுப்பினார்.