மங்கலான புரொஜெக்டருக்கு ஸ்லைடு தயாரிக்கும் நாட்குறிப்பு

ஜூன் 6

அடுத்த வாரக் கூட்டம் சமுதாயக் கூடத்தில். அங்கே இருக்கும் புரொஜெக்டரின் கையேட்டைத் தேடிப் படித்தேன். நேட்டிவ் ரெசல்யூஷன் 800×600. பெட்டியில் 1080p என்று இருப்பது அது வாங்கிக்கொள்ளும் சிக்னலைப் பற்றியது. எதை அனுப்பினாலும் 800×600 பிக்சலுக்குச் சுருக்கித்தான் காட்டும்.

என் ஸ்லைடுகள் 16:9 வடிவம், 13.33 அங்குல அகலம். 4:3 திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, படத்துக்குக் கிடைப்பது 800×450. அங்குலத்துக்கு 60 பிக்சல். 72 பாயின்ட் ஒரு அங்குலம் என்பதால், 12 பாயின்ட் எழுத்துக்கு மொத்தமே 10 பிக்சல் உயரம். கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அரை பாயின்ட் கோட்டுக்கு அரைப் பிக்சல்கூட வராது. அது கறுப்புக் கோடாகத் தெரியாது, வெள்ளையோடு கலந்து வெளிர் சாம்பலாகிவிடும்.

அதனால் முதல் வேலையாக ஸ்லைடு அளவை 4:3 ஆக்கினேன். அகலம் 10 அங்குலம், அங்குலத்துக்கு 80 பிக்சல். அதே 12 பாயின்டுக்கு இப்போது 13 பிக்சல் கிடைக்கிறது. போதாது, ஆனாலும் ஒரு மாற்றத்திலேயே மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது.

ஜூன் 8

கூடத்துக்குப் போகாமலே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஸ்லைடுகளைப் படங்களாக ஏற்றுமதி செய்து, 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, லேப்டாப்பில் முழுத்திரையாக விரித்தேன். சுருக்கியபோது தொலைந்த விவரம் விரித்தாலும் திரும்ப வராது. மங்கலுக்கு, மேலே ஒரு வெள்ளைச் செவ்வகத்தை 50% ஒளி ஊடுருவும்படி வைத்தேன். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. கூடத்து விளக்கில் திரை எவ்வளவு வெளுத்திருக்கிறதோ, அதுதான் அங்கே கறுப்பு. செவ்வகம் செய்வதும் ஏறத்தாழ அதைத்தான்.

அப்புறம் தூரம். கூடத்தில் படம் 2 மீட்டர் அகலம், கடைசி வரிசை 10 மீட்டர் தள்ளி. அதாவது அகலத்தைப் போல ஐந்து மடங்கு. என் லேப்டாப் திரை 31 செ.மீ., ஆகவே ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன்.

மாதவாரியான தண்ணீர்ச் செலவு வரைபடத்தில் கிரிட் கோடுகள் அடியோடு காணவில்லை. அதில் நஷ்டமில்லை. ஆனால் அடிக்குறிப்பில் மெய்யெழுத்துப் புள்ளிகள் போய்விட்டன. 'நீர்த்தொட்டி' என்பதில் புள்ளி இருந்த இடத்தில் சாம்பல் தீற்றல்தான் இருந்தது. 'ண', 'ன' இரண்டும் ஒரே மாதிரிக் கருத்துத் திரண்டிருந்தன. ஆங்கில எழுத்துக்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு தமிழுக்குப் போதாது என்பது இப்படிப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

ஜூன் 9

இன்று முழுக்கத் திருத்தம்தான். எழுத்து எங்கும் 24 பாயின்டுக்குக் கீழே இல்லை. அதாவது கிட்டத்தட்ட 27 பிக்சல், புள்ளிக்கு இரண்டு மூன்று பிக்சலாவது கிடைக்கும். முழு போல்டில் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன, ஒல்லி எழுத்து மங்கலில் கரைகிறது. நடுத்தரத் தடிமனே சரி. இடம் போதாத ஸ்லைடை இரண்டாகப் பிரித்தேன்; எழுத்தைக் குறைக்கவில்லை.

வரைபடத்தில் கிரிட் கோடுகளை எடுத்துவிட்டு, முக்கியக் கோட்டை 4 பாயின்டாக்கினேன். இரண்டாவது கோட்டை நிறத்தால் மட்டும் பிரிக்காமல் விட்டுவிட்டு வரும் கோடாக்கினேன். மங்கலில் முதலில் போவது நிற வித்தியாசம்தான். ஓரத்தில் இருந்த நிறக் குறிப்புப் பெட்டிக்குப் பதிலாக அந்தந்தக் கோட்டின் முனையிலேயே பெயரை எழுதினேன்.

குழாய் வரைபடம்தான் நேரம் பிடித்தது. 1800 பிக்சல் அகலமான ஸ்கேன் படம் அது, குழாய்க் கோடு 2 பிக்சல் தடிமன். 800-க்குச் சுருங்கும்போது ஒரு பிக்சலுக்கும் கீழே போகிறது. படத்தைப் பெரிதாக்கினால் ஓரம் வெட்டுப்படும். அதனால் ஸ்கேனை அடியில் வைத்து, பிரதானக் குழாயையும் மூன்று கிளைகளையும் 3 பாயின்ட் கோடுகளாக மேலே வரைந்து, ஸ்கேனை நீக்கிவிட்டேன். பேச்சில் வராத வால்வுகளை விட்டுவிட்டேன்.

ஜூன் 13

கூடத்தில் ஒத்திகை. லேப்டாப் வெளியீட்டை 800×600-க்கு மாற்றினேன். கருவியை மேசையில் சாய்த்து வைத்து, கோணலாகும் படத்தைச் சதுரமாக்கும் கீஸ்டோன் வசதியால் நேராக்கியிருந்தார்கள். கீஸ்டோன் படத்தை மறுபடி பிக்சல் பிக்சலாகக் கலந்து வீசும். சாய்ந்த கோடுகளெல்லாம் படிக்கட்டாகத் தெரிந்தன. கருவியை மட்டமாக்கி, திரைக்கு நேரே வைத்து, கீஸ்டோனைப் பூஜ்யமாக்கியதும் குழாய்க் கோடுகள் சீராகின. மின்சாரத்தை மிச்சப்படுத்த விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் எக்கோ மோடையும் அணைத்தேன்.

முன்பு படம் 3 மீட்டர் அகலத்துக்கு விரித்திருந்ததாம். 2 மீட்டருக்குச் சுருக்கினால் அதே ஒளி சிறிய பரப்பில் விழுந்து, இரண்டேகால் மடங்கு வெளிச்சமாகிறது. எழுத்து சிறுக்கும்தான். அதற்காகத்தான் வீட்டிலேயே 2 மீட்டருக்குக் கணக்குப் போட்டுச் சோதித்தேன்.

கடைசி வரிசையில் இருந்தவரிடம் ஒவ்வொரு ஸ்லைடையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். "தெரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டார், ஒன்றைத் தவிர: பழுப்புப் பின்னணியில் இருந்த தேதி. அதை வெள்ளைப் பின்னணிக்கு மாற்றி, கோப்பைச் சேமித்துவிட்டேன்.