சீட்டில் இருந்த 6.4

சென்ட்ரிஃப்யூஜிலிருந்து எடுத்த குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோதே, இது ரிப்போர்ட் போடக்கூடிய சாம்பிள் இல்லை என்று தெரிந்துவிட்டது. வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் தர்பூசணிச் சாறு போல இருந்தது. சிவப்பணுக்கள் உடைந்திருந்தன; ஹீமோலிசிஸ் என்போம். இருந்தாலும் மெஷினில் வைத்தேன். பொட்டாசியம் 7.2 என்று வந்தது. உண்மையாக இருந்தால் இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு. அதற்குள் வார்டிலிருந்து போன்.

"அண்ணே, பொட்டாசியம் வந்துருச்சா?"

"சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிருச்சு டாக்டர். ரிப்பீட் வேணும்."

"தெரியும்ணே, நரம்பே கிடைக்கல. நம்பர் மட்டும் சொல்லுங்க. குத்துமதிப்பா இருந்தாலும் போதும்."

"அப்படிச் சொல்ல முடியாது டாக்டர். புதுசா எடுத்து அனுப்புங்க."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அவர் குத்துமதிப்பு கேட்டபோது, என் கையிலிருந்த சீட்டில் அந்தக் குத்துமதிப்பை நான் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன். 6.4.

நோயாளி ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊர்ப் பக்கத்து மீனவர். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலில் இறங்கிய வாரம் அது. இரண்டு முறையும் வராமல் விட்டு, கால் துவண்டுபோய் ராத்திரியில் வந்திருந்தார். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கிற கையில் ஊசி போடக் கூடாது. மற்றக் கையில் நரம்புகள் எல்லாம் போய்விட்டன. புறங்கையில் ஒரு சின்ன கேனுலாவைப் போட்டு, அதன் வழியாகவே சிரிஞ்சை வைத்து பலமாக இழுத்து, ஊசியோடு குழாயின் மூடியில் குத்தி அழுத்தித் தள்ளியிருக்கிறார் சிஸ்டர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கையில் யார் எடுத்திருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

சிவப்பணுக்குள் இருக்கிற பொட்டாசியத்தின் அடர்த்தி வெளியே சீரத்தில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கும் மேல். சீரத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான் இருக்க வேண்டும். குறுகலான துளை வழியே வேகமாக இழுபடும்போது அணுவின் சவ்வு கிழிகிறது. உள்ளே இருந்தது எல்லாம் வெளியே கொட்டுகிறது. கூடவே ஹீமோகுளோபினும் வருவதால்தான் சீரம் சிவக்கிறது. அதாவது நம் கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத பொட்டாசியத்துக்குச் சாட்சி. நோயாளியின் உடம்பில் ஒன்றும் ஏறியிருக்காது, குழாயில் மட்டும் ஏறியிருக்கும்.

என் சீட்டுக் கணக்கும் இதை வைத்துத்தான். வெளியே கசிந்த ஹீமோகுளோபின் லிட்டருக்கு ஒரு கிராம் என்றால், பொட்டாசியம் தோராயமாக 0.3 கூடும். பெரிய ஆய்வகங்களில் ஹீமோலிசிஸ் எவ்வளவு என்பதை மெஷினே ஒளியை வைத்து அளந்து சொல்லிவிடும். எங்களிடம் இருப்பது சுவரில் ஒட்டிய நிற அட்டை. அதோடு ஒப்பிட்டால் 2 கிராமுக்கும் 3 கிராமுக்கும் நடுவில் இருந்தது. 2.5 என்று வைத்துக்கொண்டால் 0.75 கழிக்க வேண்டும். 7.2-இல் கழித்தால் ஏறக்குறைய 6.4.

இந்தக் கணக்கை ரிப்போர்ட்டில் போடக் கூடாது என்பதுதான் வழக்கம். அதற்குக் காரணமும் சரியானதே. 0.3 என்பது சராசரி. ஆளுக்கு ஆள், சாம்பிளுக்கு சாம்பிள் மாறும். அட்டையைப் பார்த்து இரண்டு பேர் சொன்னால் இரண்டு அளவு வரும். அதைவிட முக்கியமாக, சில பேருக்கு உடம்புக்குள்ளேயே சிவப்பணு உடைந்துகொண்டிருக்கும். அவர்களுக்கு அந்தப் பொட்டாசியம் உண்மையிலேயே ரத்தத்தில் ஓடுகிறது. அதைக் கழித்தால் ஆபத்தை நாமே மறைத்த மாதிரி. எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் திரும்பத் திரும்பச் சிவப்பாக வந்தால், சிறுநீரும் கறுத்துப் போனால், அப்போது குழாயைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டு நோயாளியைப் பார்க்க வேண்டும். அந்த இரவில் ஒரே ஒரு குழாயை வைத்துக்கொண்டு, எது எது என்று எனக்குத் தெரிய வழியில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதற்குச் சில மாதங்கள் முன்பு, வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு அம்மாவுக்கு 3.9 என்று ரிப்போர்ட் கொடுத்தேன். கீழே "லேசான ஹீமோலிசிஸ்" என்று ஒரு வரி. 3.9 நார்மல் என்பதால் யாரும் அந்த வரியைப் படிக்கவில்லை. மறுநாள் நல்ல சாம்பிளில் 2.9. நான் லேசு என்று எழுதியது லேசாக இருக்கவில்லை; குறைந்துபோன பொட்டாசியத்தை உடைந்த அணுக்கள் நார்மல் மாதிரி காட்டிவிட்டன. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எண் என்று ஒன்றை வாயால் சொன்னால், அதோடு சேர்த்துச் சொல்கிற எச்சரிக்கை யார் காதிலும் ஏறாது என்று நம்ப ஆரம்பித்தேன். போனில் நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுதான் வேர்.

சரி, எண்ணைச் சொல்லவில்லை. அது எனக்கு இப்போதும் தப்பாகத் தெரியவில்லை. 7.2 என்று கேட்டதும் இன்சுலின் போட்டு, உண்மையில் 4.5 ஆக இருந்திருந்தால்? சர்க்கரையும் இறங்கி, பொட்டாசியமும் இறங்கி, நாம்தான் அவரைக் கெடுத்திருப்போம்.

ஆனால் எண்ணுக்கும் மௌனத்துக்கும் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. "சாம்பிள் கெட்டுப்போச்சு, ஆனா அதைக் கழிச்சாலும் கூடத்தான் இருக்கும்போலத் தெரியுது. ஈசிஜியைப் பாத்துக்கிட்டே இருங்க, நான் பச்சை மூடிக் குழாயோட வர்றேன்." இதைச் சொல்லியிருக்கலாம். ஹெபாரின் போட்ட பச்சை மூடிக் குழாய் என்றால் ரத்தம் உறைவதற்கு அரை மணி காத்திருக்க வேண்டியதில்லை, உடனே சுழற்றலாம். எனக்கு இதெல்லாம் தெரியும். "முடியாது" என்று சொன்ன வேகத்தில் தெரிந்தது எதுவும் வாயில் வரவில்லை. போனை வைத்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் குழாயை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

நான் போனபோது டாக்டர், இதயத்தைக் காக்கிற கால்சியம் குளுக்கோனேட் போட்டுக்கொண்டிருந்தார். முதல் ஈசிஜியில் சந்தேகமாக இருந்தது அடுத்ததில் தெளிவாகிவிட்டதாம். T அலை கூராக நிமிர்ந்து, QRS அகலமாகத் தொடங்கியிருந்தது; பொட்டாசியம் இதயத்தைத் தொட்டுவிட்டதற்கான அடையாளம். தொடை நரம்பில் பெரிய ஊசியால் அவரே ரத்தம் எடுத்தார். நான் சிரிஞ்சின் ஊசியைக் கழற்றி, குழாயின் மூடியைத் திறந்து, ரத்தத்தைச் சுவரோரமாக மெல்ல வழியவிட்டேன். இந்தத் தடவை மேலே தெளிந்தது நல்ல மஞ்சளாக இருந்தது. 6.4.

என் சீட்டில் இருந்த அதே எண். அதுதான் தூங்கவிடவில்லை. தப்பாக வந்திருந்தால் நான் செய்தது சரி என்று சமாதானம் ஆகியிருப்பேன். டாக்டர் எண்ணுக்காகக் காத்திருக்கவில்லை, ஈசிஜியைப் பார்த்தே வைத்தியம் தொடங்கினார், மீனவரும் பிழைத்து டயாலிசிஸுக்குப் போனார். அதனால் என் மௌனத்தால் ஒன்றும் கெடவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். முதல் ஈசிஜிக்கும் இரண்டாவதுக்கும் இடையில் போன நிமிடங்களை நினைத்தால் அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

இப்போது இரவு ஷிப்டில் சிவந்த சாம்பிளோடு பொட்டாசியம் கூட வந்தால், ரிப்போர்ட்டில் எண் இல்லாமல் "ஹீமோலிசிஸ், மறு சாம்பிள் தேவை" என்று மட்டும் போட்டுவிட்டு, நானே வார்டுக்குப் போன் செய்கிறேன். கூடத்தான் தெரிகிறது என்ற சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு பெண்ணுடைய சாம்பிள் அப்படி வந்தது. 6.1. அட்டையில் பார்த்தால் நிறம் கிட்டத்தட்ட அதே அளவு. பழக்கத்தில் சீட்டில் கழித்துப் பார்த்தேன், 5.3 வந்தது. கூட இருக்கலாம் என்று போனில் சொன்னேன். வார்டில் அந்தப் பெண்ணை ஈசிஜி மெஷினோடு இணைத்து வைத்துவிட்டார்கள்; வீட்டுக்காரர்கள் எல்லோரும் வராந்தாவில் பயந்துபோய் நின்றார்கள். ரிப்பீட் சாம்பிளில் 4.2 இருந்தது.