ஒரே வீடியோ, ஐந்து ஹூக்: முதல் வாரம் முழுக்க வீணாய்ப் போன கதை

மடக்கி வைக்கிற லேப்டாப் ஸ்டாண்டுக்கு 27 வினாடி விளம்பரம். ஹூக் எனப்படும் முதல் மூன்று வினாடியை மட்டும் மாற்றி ஐந்து விதமாக எழுதி, எது ஆளை நிறுத்துகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். எழுதினேன், எடிட் ஆனது, மெட்டாவில் ஏற்றினோம். அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் ஹூக் ஜெயித்துவிட்டதாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் நம்பினேன். அப்புறம் ஒவ்வொன்றும் எத்தனை தடவை காட்டப்பட்டது என்று சொல்லும் Impressions பத்தியைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஐந்தையும் ஒரே ஆட் செட்டில், அதாவது ஒரே பட்ஜெட்டைப் பகிர்ந்துகொள்ளும் தொகுப்பில் போட்டிருந்தோம். முதல் நாளே ஒன்று கொஞ்சம் முந்தியதும் சிஸ்டம் பணத்தை அதன் பக்கமே திருப்பிவிட்டது. மூன்று ஹூக்குகளை நூற்றுச் சொச்சம் தடவைக்கு மேல் காட்டவே இல்லை. காட்டாத ஒன்றைத் தோற்றது என்று எப்படிச் சொல்வது? சிஸ்டத்தின் மேலும் தப்பு சொல்ல முடியாது. செலவைக் குறைப்பதுதான் அதன் வேலை, நமக்குப் பாடம் எடுப்பது இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் A/B test போட்டு ஒவ்வொன்றுக்கும் தனி பட்ஜெட் கொடுத்திருக்க வேண்டும்.

இதைவிட என்னை உறுத்தியது வேறு. அந்த ஐந்தையும் சத்தத்தை அணைத்துவிட்டு வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். ஐந்தும் ஒன்றே! மேசை, லேப்டாப், குனிந்திருக்கிற ஒருவர். நான் மாற்றியதெல்லாம் பின்னணிக் குரல் பேசிய வரியைத்தான். "கழுத்து வலிக்கிறதா?", "கழுத்து வலி ஏன் வருகிறது தெரியுமா?" என்று அதுவும் ஒரே கருத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. நிறைய பேர் சத்தமில்லாமல்தான் ஸ்க்ரோல் செய்வார்கள், அவர்களுக்கு நான் ஒரே ஒரு ஹூக்கைத்தான் காட்டியிருக்கிறேன்.

இரண்டாவது சுற்றில் ஐந்தை மூன்றாகக் குறைத்தேன். முதல் ஃபிரேமும் திரையில் வரும் எழுத்தும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஒன்று, வலியைக் கேட்கிற பழைய கேள்வி. இரண்டு, தப்பைச் சுட்டுவது: பக்கவாட்டிலிருந்து எடுத்த ஷாட்டில் குனிந்த கழுத்தின் மேல் ஒரு கோடு, "லேப்டாப்பை இப்படி வைக்காதீர்கள்" என்ற எழுத்து. மூன்று, ஸ்டாண்டின் மேல் ஒருவர் ஏறி நிற்கிறார். மூன்றும் சரியாக மூன்று வினாடி, அதன்பின் வருகிற 24 வினாடியில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. வீடியோவுக்கு மேலே எழுதுகிற வாசகமும் ஒன்றே, யாருக்குக் காட்டினோமோ அந்த ஆட்களும் அதே வகை.

ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,000 தடவை காட்டப்பட்ட பிறகுதான் எண்களைத் திறந்தேன். ஏறி நிற்கிற ஹூக்கை மூன்று வினாடி தாண்டிப் பார்த்தவர்கள் 1,230, அதாவது 41%. தப்பைச் சுட்டியது 960, கேள்வி 840. உடனே மூன்றாவதுதான் வெற்றி என்று செய்தி பறந்தது. நான் ஒரு நாள் பொறுக்கச் சொல்லி ThruPlays எண்ணை எடுத்தேன், அதாவது 15 வினாடியாவது பார்த்தவர்கள். கேள்வி 210, தப்பு 288, ஏறி நின்றது வெறும் 123. அதில் நின்று பார்த்தவர்களில் பத்தில் ஒருவர்தான் தங்கியிருக்கிறார்.

காரணம் வீடியோவிலேயே இருந்தது. ஏறி நிற்பதைப் பார்த்தவர் "உடையுமா, உடையாதா" என்று காத்திருக்கிறார். நான்காவது வினாடியில் நாங்கள் கழுத்து வலியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறோம். அவர் கேட்டதற்குப் பதிலே வரவில்லை, போய்விட்டார். தப்பைச் சுட்டியதில் அப்படி இல்லை. "இப்படி வைக்காதீர்கள்" என்றால் "பின்னே எப்படி?" என்பதுதான் அடுத்த கேள்வி, நான்காவது வினாடியின் ஷாட் அதற்கு நேரடிப் பதில்.

அதனால் இப்போதெல்லாம் ஹூக்கை எழுதியதும், அதைப் பார்ப்பவர் மனதில் எழும் கேள்வியை ஒரே வரியில் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். நான்காவது வினாடி அதைத் தொடவில்லையென்றால் ஹூக்கை எடிட்டருக்கு அனுப்புவதே இல்லை. 210-க்கும் 288-க்கும் இடையிலான வித்தியாசம் தற்செயலாக இருக்குமோ என்று பயந்து அந்த இரண்டை மட்டும் இன்னொரு வாரம் ஓட்டினேன். வரிசை மாறவில்லை.

ஏறி நிற்கிற ஷாட்டைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. எடையைப் பற்றிப் பேசும் இரண்டு வினாடி ஷாட் ஒன்று வீடியோவின் நடுவில் கிடந்தது, அதை நான்காவது வினாடிக்கு நகர்த்திக் கேட்டிருக்கிறேன். எடிட் நாளை வருகிறது.