பெரும்பாலானவங்க எடுப்பாங்க

போன மாதம் வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சேலம் ஐந்து ரோடு பக்கம் மாடியில் ஒரு அறை, கப்பல் கேசினோ வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் டீலிங் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பெண் ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வருகிறவள்.

அன்றைக்கு இன்சூரன்ஸ் பாடம். டீலரின் திறந்த சீட்டு ஏஸாக இருந்தால், மேஜை முழுக்கக் கையை நீட்டி ஒரு முறை வீசி 'இன்சூரன்ஸ்' என்று கூப்பிட வேண்டும். விரும்புகிறவர்கள் தங்கள் பந்தயத்தில் பாதி வரை தனியாக வைக்கலாம். கவிழ்ந்திருக்கும் சீட்டு பத்தாகவோ ஜாக், ராணி, ராஜாவாகவோ இருந்தால் அதற்கு இரண்டு மடங்கு. இல்லையென்றால் அது போனதுதான். ஒருவர் கையிலேயே பிளாக்ஜாக், அதாவது ஒரு ஏஸும் பத்து மதிப்புள்ள ஒரு சீட்டும், இருந்தால் மட்டும் அவரிடம் 'ஈவன் மணி?' என்று கேட்க வேண்டும். சரி என்றால், கவிழ்ந்த சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பந்தயத்துக்குச் சமமான பணத்தைக் கொடுத்துவிடுவோம்.

அவள் கேட்டாள்: "சார், எடுக்கலாமா வேண்டாமான்னு அவங்க நம்மகிட்ட கேட்டா என்ன சொல்றதுங்க?"

"பெரும்பாலானவங்க எடுப்பாங்க சார்னு சொல்லிடும்மா" என்றேன். ஒன்பது வருடம் கப்பலில் சொன்ன வாக்கியம். யோசிக்காமல் வந்துவிட்டது.

அவள் விடவில்லை. "எடுக்கிறது லாபங்களா?"

எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஆறு கட்டுச் சீட்டு, மொத்தம் 312. ஆட்டக்காரரிடம் ஒரு ஏஸும் ஒரு ராஜாவும், டீலரிடம் ஒரு ஏஸ், மூன்றையும் எடுத்து ஓரம் வைத்தாள். மீதி 309. பத்து மதிப்புள்ளவற்றை ஒரு அடுக்காகவும் மற்றதை இன்னொரு அடுக்காகவும் பிரிக்கக் கால் மணி நேரம் ஆனது. மற்ற மாணவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். ஒரு பக்கம் 95, இன்னொரு பக்கம் 214. உயரமான அடுக்கு சரியப் பார்த்தபோது அவள் உள்ளங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பந்தயம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். அந்த 309 சீட்டும் ஒவ்வொரு முறை கவிழ்ந்து கிடப்பதாக நினைத்தால், ஈவன் மணி எடுப்பவருக்கு 309 தடவையும் ஆயிரம் கிடைக்கும். 3,09,000. எடுக்காதவருக்கு 95 தடவை டீலருக்கும் பிளாக்ஜாக் வந்து, பணம் வரவும் இல்லை போகவும் இல்லை. மீதி 214 தடவை ஒன்றுக்கு ஒன்றரை, ஆயிரத்து ஐந்நூறு. 3,21,000. வித்தியாசம் 12,000. ஒரு தடவைக்கு 39 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

"அப்ப ஈவன் மணியும் இன்சூரன்ஸும் ஒண்ணுதானுங்களா?" என்றாள். ஒன்றுதான். ஐந்நூறு இன்சூரன்ஸ் வைத்தவரின் கணக்கைப் பாருங்கள். டீலருக்குப் பிளாக்ஜாக் என்றால் அதில் ஆயிரம் வரும், பந்தயம் சமமாகிவிடும். இல்லையென்றால் ஆயிரத்து ஐந்நூறு வரும், ஐந்நூறு போகும். எப்படிப் பார்த்தாலும் ஆயிரம். அதே பந்தயத்துக்கு இனிமையான இன்னொரு பெயர்.

நல்ல கையைக் காப்பாற்றிக்கொள்கிறோம் என்றுதான் எல்லாரும் எடுக்கிறார்கள். கையில் இரண்டு ராஜா இருப்பவர்தான் அதிக ஆசையோடு இன்சூரன்ஸ் வைப்பார். ஆனால் இன்சூரன்ஸுக்கு அவர் கையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கவிழ்ந்த சீட்டு பத்தா இல்லையா என்பது மட்டும்தான் பந்தயம். அவர் கையில் இருக்கும் இரண்டு ராஜாவும் டீலரிடம் இருக்க முடியாது என்பதால் அவருடைய வாய்ப்பு இன்னும் குறைகிறது. இரண்டு மடங்கு கொடுப்பது நியாயமாக இருக்க, மீதிச் சீட்டில் மூன்றில் ஒரு பங்கு பத்தாக இருக்க வேண்டும். வெளிவந்த சீட்டுகளை எண்ணிக் கணக்கு வைக்கிறவர்கள் அந்த நேரம் வரும் வரை காத்திருந்து எடுப்பார்கள். மற்றவர்களுக்கு ஒவ்வொரு நூறு ரூபாய் இன்சூரன்ஸிலும் சராசரியாக ஏழு ரூபாய்க்கு மேல் போகும்.

இன்னொன்றும் சொன்னேன். சில மேஜைகளில் பிளாக்ஜாக்குக்கு ஒன்றரைக்குப் பதில் ஐந்துக்கு ஆறுதான் கொடுப்பார்கள். அங்கே ஆயிரத்துக்கு ஆயிரத்து இருநூறு. 214 தடவைக்கு 2,56,800. ஈவன் மணியின் 3,09,000 அதைவிட அதிகம். அந்த மேஜைகளில் ஈவன் மணி கேட்டு நான் பார்த்ததில்லை.

அவள் இரண்டு அடுக்கையும் பார்த்தபடி கேட்டாள்: "அப்ப நாம சொல்றது பொய்ங்களா சார்?"

"பொய் இல்லம்மா. பெரும்பாலானவங்க எடுக்கத்தான் செய்யறாங்க" என்றேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் கேட்டவர் எத்தனை பேர் எடுப்பார்கள் என்றா கேட்டார்?

கப்பலில் ஒரு அம்மா நினைவுக்கு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, 25 டாலர் பந்தயம், ஏஸும் ராணியும். எனக்கு ஏஸ். முகத்தை நேராகப் பார்த்து, நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்றார். அதே வாக்கியத்தைச் சொன்னேன். எடுத்துக்கொண்டார். கை முடிந்து சீட்டைத் திருப்பினால் ஆறு. பன்னிரண்டரை டாலர் அவருக்குக் குறைந்துபோனது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே எனக்கு ஐந்து டாலர் டிப்ஸ் வைத்தார்.

ஆறு வந்ததால் நான் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. ராஜா வந்திருந்தாலும் என் பதில் அதேதான், கணக்கும் அதேதான். ஒரு கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. டீலர் யோசனை சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி, வேலை போய்விடும். ஆனால் விதிப்படி நடந்தேனா? 'உங்கள் விருப்பம்' என்று நிறுத்தியிருந்தால் அது விதி. நான் சொன்னது விதிக்குள் ஒளிந்துகொண்டு கொடுத்த யோசனை.

இதை அவளிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அப்பாவைப் பற்றிச் சொன்னாள். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகை, பறிப்பதற்கு முன்பே வியாபாரியிடம் மொத்தமாகப் பேசி விட்டுவிடுவாராம். நின்று பறித்து விற்றால் அதிகம் கிடைக்கும் என்று அவருக்கும் தெரியும். "தங்கச்சி ஃபீஸ் கட்டணும், மழை எப்படிப் பெய்யும்னு தெரியாது. அது நஷ்டம்னு அப்பாகிட்ட சொல்ல முடியுங்களா சார்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உன் அப்பாவுக்கு வருடத்துக்கு ஒரு மகசூல், அது போனால் வீடே ஆடிப்போகும், மேஜையில் உட்கார்ந்தவருக்கு ஏஸ் பதின்மூன்று கைக்கு ஒரு முறை வந்துகொண்டே இருக்கும் என்றேன். ஒவ்வொரு முறையும் நிம்மதியை விலைக்கு வாங்கினால் ராத்திரி முடிவதற்குள் அதுவே ஒரு தொகையாகிவிடும். இது சரியான பதில் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஆசிரியை இரவெல்லாம் ஆடுகிறவர் இல்லை. அந்தப் பயணத்தில் அவருக்கு வந்த ஒரே பிளாக்ஜாக் அதுவாகக்கூட இருந்திருக்கலாம். 25 டாலரைக் கையில் வாங்கியபோது அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். 39 ரூபாய் மாதிரி ஒரு விலைக்கு அது அதிகமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அவருக்கு விலை தெரிந்திருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது. விலை தெரிந்தவன் அந்த மேஜையில் நான் ஒருவன்தான்.

அந்த வாரத்திலிருந்து 'உங்கள் முடிவுங்க' என்று மட்டும் சொல்லச் சொல்கிறேன். பிள்ளைகள் மாறிவிட்டார்கள். நேற்று செய்து காட்டும்போது நானே ஆட்டக்காரனாக உட்கார்ந்து, எடுக்கலாமாம்மா என்று அவளிடம் கேட்டேன். "உங்க முடிவுங்க சார்" என்றாள். இரண்டு கையும் மேஜையில் திறந்தபடி இருந்தன, குரலில் அவசரம் இல்லை. நான் எடுக்கவில்லை. அவள் சீட்டைத் திருப்பினாள். ராஜா.

அவளுக்கு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கப்பல்.