வண்டல்

"விரலால தேச்சுப் பாருங்க மாமா" என்றாள் தங்கச்சி மகள். படத்தைத் தொடச் சொல்கிற ஓவியரை இப்போதுதான் பார்க்கிறேன்.

தேய்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு குறுக்குத்துறைப் படிகளில் கிடந்த வண்டலை அள்ளி வந்து, தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக் காயவைத்து, கருவேலங்கோந்துக் கரைசல் விட்டு அரைத்த நிறம் அது. கோந்து குறைந்தால் காய்ந்ததும் பொடியாக உதிரும். கூடினால் வெடித்துவிடும். வெடித்த படம் ஒன்றையும் மாட்டியிருக்கிறாள். எனக்கு அதுதான் பிடித்தது, அவளிடம் சொல்லவில்லை.

வரைந்தது எல்லாம் ஆறு ஏறி இறங்கிய சுவர்கள். தண்ணீர் நின்ற கோட்டுக்குக் கீழே வண்டல் நிறம், மேலே வெறும் தாள்.

'வண்டல்' ஓவியக் கண்காட்சி, வரும் வெள்ளி முதல் ஞாயிறு வரை, காலை 10 முதல் இரவு 8 மணி வரை.
பாளை தெற்கு பஜாரில் எங்கள் வீட்டு மாடியில்.
சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஓவியர் பேசுகிறாள். பேச்சு கொஞ்சம்தான், மண்ணை அரைத்துக் காட்டுவதுதான் அதிகம்.

கட்டணம் கிடையாது. மாடிப்படி செங்குத்து, பெரியவர்கள் பார்த்து ஏறுங்கள்.