பரிந்துரைக்கச் சொல்லி அனுப்பிய செய்தியை நான்கு முறை திருத்திய கதை

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி வாங்கியவர்கள் நான்கு பேரிடம் சொல்லி அனுப்பினால் நன்றாக இருக்குமே என்று ஒருநாள் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன்:

“அன்பார்ந்த வாடிக்கையாளரே! எங்கள் சேவையைத் தங்கள் நண்பர்கள், உறவினர்களுக்குப் பரிந்துரைக்கவும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் தங்களின் அடுத்த கண்ணாடிக்குச் சிறப்புத் தள்ளுபடி!”

அறுபது பேருக்கு அனுப்பினேன். மூன்று கைகூப்பும் படங்கள் வந்தன. ஆள் ஒருவரும் வரவில்லை. இத்தனைக்கும் அந்த அறுபது பேரில் பாதிப்பேர் கடைக்கு வந்தால் பேசிவிட்டுத்தான் போவார்கள்.

காரணத்தை ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொல்லி வந்தவரிடம், “சார், மெசேஜ் பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“பார்த்தேன் தம்பி. ஆனா அதை நான் ஒருத்தருக்கு அனுப்பினா, எனக்குத் தள்ளுபடி கிடைக்கத்தான் அவரை அனுப்புறேன்னு ஆகிடாதா? நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நினைப்பார்?”

அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. பரிந்துரைப்பவர் தன் பெயரை அடகு வைக்கிறார். அதற்குக் கூலி என்று நான் எழுதியதுமே அவர் தரகர் ஆகிவிட்டார். பயணிகள் தங்க வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனத்தாரும், நண்பரைச் சேர்க்கச் சொல்லும் அழைப்பு மின்னஞ்சலை இரண்டு விதமாக எழுதிச் சோதித்தார்களாம்: ‘அழைத்தால் உங்களுக்குப் பணம்’ என்று ஒன்று, ‘நண்பருக்கு இதைக் கொடுங்கள்’ என்று ஒன்று. இரண்டாவதுதான் நன்றாக எடுபட்டது என்று 2014-இல் எழுதினார்கள். எனக்கு ஆசிரியர் சொன்னதே போதுமாக இருந்தது.

ஆகவே தள்ளுபடியை எடுத்துவிட்டேன். வருகிற நண்பருக்கு என்ன தரலாம் என்று யோசித்தேன். அவருக்கும் தள்ளுபடி என்றால், அவர் கண்ணாடி வாங்கியே ஆக வேண்டும். கடையில் நாங்கள் எப்படியும் செய்கிற ஒரு வேலை இருக்கிறது: தளர்ந்த திருகை இறுக்குவது, காதுப்பக்கம் வளைத்துச் சரிசெய்வது, மூக்கில் உட்காரும் பட்டையை மாற்றுவது. பத்து நிமிட வேலை. எங்கே வாங்கிய கண்ணாடியாக இருந்தாலும் இதை இலவசமாகச் செய்து தருகிறோம் என்று எழுதினேன். வாங்கச் சொல்லி ஒருவரை அனுப்பக் கூச்சப்படுகிறவர், சும்மா சரிசெய்து தருகிறார்கள் என்று சொல்லக் கூச்சப்பட மாட்டார்.

இரண்டாவது திருத்தம் ‘நண்பர்கள், உறவினர்கள்’ என்ற சொற்களில். அதைப் படித்தால் யார் முகமும் நினைவுக்கு வருவதில்லை. முதலில் ‘கண்ணாடி தேவைப்படுபவர்கள்’ என்று மாற்றினேன், அதுவும் அப்படித்தான். பிறகு, “பேசும்போதே கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டே இருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரியுமா?” என்று எழுதி, என்னுடன் வேலை செய்யும் பெண்ணிடம் காட்டினேன். படித்த வேகத்தில், “ஐயோ, எங்க சித்தப்பா!” என்றார். சரி, இதுதான் என்று முடிவு செய்தேன். ஆசையில், ‘போனைக் கை நீட்டிப் பிடித்துப் படிப்பவர்’ என்று இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு இருந்தால் மனம் இரண்டிலும் நிற்காமல் நகர்ந்துவிடுகிறது. அதுவும் போக, கை நீட்டிப் படிப்பவருக்குத் திருகை இறுக்கி என்ன பயன்? தருகிற உதவியோடு பொருந்துகிற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் படுத்தியது. வாடிக்கையாளர் நண்பருக்கு அனுப்ப வசதியாக ஒரு செய்தியை நானே எழுதிக் கொடுத்தேன். அதில் ‘நீங்கள்’, ‘தங்கள்’ என்றெல்லாம் இருந்தது. இருபது வருட நண்பனுக்கு யாராவது ‘தங்கள் கண்ணாடியை’ என்று அனுப்புவார்களா? ‘நீ’ என்று மாற்றினால் மாமனாருக்கு அனுப்ப முடியாது. கடைசியில் எதிரில் இருப்பவரைக் குறிக்கும் சொல்லே இல்லாமல் எழுதினேன்:

“கண்ணாடி மூக்கில் நிற்காம இறங்கிக்கிட்டே இருந்தா இந்தக் கடையில் காட்டலாம். எங்க வாங்கினதா இருந்தாலும் சும்மாவே சரிபண்ணித் தர்றாங்க. நானும் இங்கதான் கண்ணாடி போட்டேன். என் பேரைச் சொன்னா போதும்.”

கீழே கடை இருக்கும் இடத்துக்கான வரைபட இணைப்பு. அவ்வளவுதான். கடைப் பெயரைக் கொட்டை எழுத்தில் போடவில்லை, படமும் சேர்க்கவில்லை. ‘பார்வர்ட்’ செய்தால் செய்தியின் மேல் அது பகிரப்பட்டது என்ற குறிப்பு வந்துவிடும். பார்த்ததும் விளம்பரம் என்று தள்ளிவிடுவார்கள். அதனால் இதைத் தனிச் செய்தியாக அனுப்பி, “காப்பி செய்து, உங்கள் பாணியில் மாற்றி அனுப்புங்கள்” என்று சொல்லிவிடுகிறேன்.

தள்ளுபடிக் குறியீடு எதுவும் வைக்கவில்லை. யார் பெயரைச் சொல்லி வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். எந்த வாசகம் வேலை செய்கிறது என்று எனக்குச் சொல்வது அந்த நோட்டுதான்; கைகூப்பும் படங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இனி, எப்போது அனுப்புவது. இதில் ஒரு தடவை நன்றாகச் சூடுபட்டேன். கண்ணாடி கொடுத்த மறுநாளே எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். புரோகிரசிவ் லென்ஸ் போட்ட ஓர் அம்மா உடனே போன் செய்தார். “படி இறங்கும்போது தலை சுத்துது, நான் இதை வேற யாருக்குச் சொல்ல?” என்று கேட்டார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த லென்ஸில் மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு என்று பவர் மாறிக்கொண்டே வரும், ஓரங்கள் கொஞ்சம் கலங்கித் தெரியும். சிலருக்குப் பழக இரண்டு வாரம்கூட ஆகும். இப்போது சாதாரண லென்ஸ் என்றால் நான்கைந்து நாள், புரோகிரசிவ் என்றால் இரண்டு வாரம் கழித்து, “கண்ணாடி பழகிடுச்சா?” என்று மட்டும் கேட்கிறேன். நன்றாக இருக்கிறது என்று அவர்களே சொன்ன பிறகுதான் அடுத்த செய்தி. குறை சொன்னால் கடைக்கு வரச் சொல்லி அதைப் பார்ப்பேன், பரிந்துரைப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

நான்காவது திருத்தம் ஒரு விபத்தால் வந்தது. ஒருவர் மிகப் பழைய பிளாஸ்டிக் பிரேமைக் கொண்டுவந்தார். சூடு காட்டி வளைக்கும்போது அது பட்டென்று உடைந்தது. இலவசம் என்று அழைத்து உடைத்துக் கொடுத்தால், அனுப்பி வைத்தவருக்கும் சேர்த்துத்தான் தலைக்குனிவு. வேறு பிரேமில் லென்ஸை வைத்துக் கொடுத்துச் சமாளித்தோம். அதன் பிறகு வாடிக்கையாளருக்குப் போகும் செய்தியில், “ரொம்பப் பழைய பிரேம் என்றால் பார்த்துவிட்டு முடியுமா என்று சொல்கிறோம்” என்று ஒரு வரி சேர்ந்தது. கவர்ச்சி கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை.

யாராவது வந்து போனால், அனுப்பியவருக்கு அன்றே, “உங்க பேரைச் சொல்லி ஒருத்தர் வந்தாங்க, சரிபண்ணிக் கொடுத்துட்டோம், நன்றி” என்று எழுதுவேன். வந்தவர் என்ன வாங்கினார், பவர் என்ன என்பதெல்லாம் அவர் சொந்த விஷயம்; அது போகாது.

போன வாரம் ஆசிரியர் பெயரைச் சொல்லி ஒருவர் வந்தார், அவர் வயதுதான் இருக்கும். “என்ன அனுப்பினார் சார்?” என்று ஆர்வத்தில் கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினார்.

“டேய், எத்தனை நாளைக்குத்தான் அதைத் தூக்கி விட்டுக்கிட்டே இருப்ப? இங்க போ. காசு கேக்க மாட்டாங்க. என் பேரைச் சொல்லு.”

நான் நான்கு முறை திருத்திய செய்தியில் தப்பியது அந்தக் கடைசி வரி மட்டும்தான்.